டோமினோ ஆட்டத்தில் காய்களை எண்ணுதல்

டோமினோ ஆட்டத்தில் காய்களை எண்ணுதல் என்பது, மேசையில் ஏற்கெனவே வைக்கப்பட்ட காய்களையும் தன் கையில் உள்ள காய்களையும் கழித்துப் பார்த்து, மீதிக் காய்கள் எவரிடம் இருக்கக்கூடும் என்று கணித்து, அதற்கேற்ப அடுத்த காயைத் தேர்ந்தெடுக்கும் முறையாகும். கரிபியத் தீவுகளிலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் நால்வர் இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆடும் டோமினோவில் இம்முறை மிகவும் வளர்ந்துள்ளது. அவ்வாட்டத்தில் எல்லாக் காய்களும் பங்கிடப்பட்டுவிடுவதால், கணக்கிடும் ஆட்டக்காரருக்கு எந்தக் காயும் மறைவில் தப்பிவிடுவதில்லை. இக்கட்டுரை அந்த நால்வர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒரு சுற்றை முழுவதுமாக ஆடிக்காட்டி விளக்குகிறது.

காய்களும் ஆட்டமும்

டோமினோ சீனாவில் தோன்றி, 18ஆம் நூற்றாண்டில் இத்தாலி வழியாக ஐரோப்பாவில் பரவிய ஆட்டம். ஐரோப்பிய வகைத் தொகுப்பில் 28 காய்கள் உண்டு. ஒவ்வொரு காயும் நடுவில் ஒரு கோட்டால் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாதியிலும் வெற்று முதல் ஆறு வரை புள்ளிகள் இருக்கும். வெற்றுப் பாதியை இங்கு 0 என்று குறிப்போம். 0-0, 1-1 என இரு பாதியிலும் ஒரே எண் உள்ள ஏழு காய்கள் இரட்டைகள் எனப்படும். 28 காய்களிலும் உள்ள புள்ளிகளின் மொத்தம் 168.

நால்வர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஏழு காய்கள் கிடைக்கும். எதிரெதிரே அமர்பவர்கள் ஓர் அணி. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் ஆட்டம் பெரும்பாலும் வலப்புறமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிவரும். முதலாமவர் ஒரு காயை வைக்க, அடுத்தவர் அதன் ஒரு முனையில் அதே எண் உள்ள காயைப் பொருத்த வேண்டும். இவ்வாறு ஒரு சங்கிலி வளரும். அதற்கு எப்போதும் இரண்டு திறந்த முனைகள் இருக்கும். எந்த முனைக்கும் பொருந்தும் காய் இல்லாதவர் பாஸ் சொல்ல வேண்டும். பொருந்தும் காயைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ் சொல்வது தவறாட்டம். முதலில் கையைக் காலிசெய்பவரின் அணி அந்தச் சுற்றை வெல்லும். எவராலும் ஆட முடியாதபடி இரு முனைகளும் அடைபட்டால், கையில் மிஞ்சிய புள்ளிகளைக் கூட்டிப்பார்த்துக் குறைந்த புள்ளி உள்ளவருக்கு வெற்றி தரப்படும். இந்த அடைப்பை ஸ்பானிய மொழியில் திராங்கே என்பர்.

ஏழு என்ற எண்

எண்ணுவதற்கு அடிப்படை ஒன்றே: ஒவ்வொரு எண்ணும் சரியாக ஏழு காய்களில் வருகிறது. ஐந்தை எடுத்துக்கொண்டால் 5-0, 5-1, 5-2, 5-3, 5-4, 5-6 என்ற ஆறும், 5-5 என்ற இரட்டையும் சேர்ந்து ஏழு. மேசையில் உள்ள ஐந்துகளையும் கையில் உள்ள ஐந்துகளையும் கூட்டி ஏழிலிருந்து கழித்தால், மற்ற மூவரிடமும் எத்தனை ஐந்து உள்ளது என்று கிடைத்துவிடும்.

இதற்குப் பெரிய நினைவாற்றல் வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தேவையற்ற அச்சம். வைக்கப்பட்ட காய்கள் எல்லாம் முகம் மேலாக மேசையிலேயே கிடக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, படித்தால் போதும். மேசை காட்டாதது வேறொன்று: எந்தக் காயை யார் வைத்தார், யார் எப்போது பாஸ் சொன்னார், அப்போது முனைகளில் என்ன எண்கள் இருந்தன என்பவை. சங்கிலியில் இவற்றின் தடம் இருக்காது. ஆகவே நினைவை இதற்கு மட்டுமே செலவிட வேண்டும். காய்களை மனப்பாடம் செய்ய முயன்று பாஸ்களை மறப்பதுதான் தொடக்கநிலை ஆட்டக்காரர்களிடம் மிகுதியாகக் காணப்படும் குறை.

எண்ணியது சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனையும் உண்டு. சங்கிலியின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரே எண் இரண்டு பக்கமும் இருப்பதால், இரட்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஓர் எண்ணின் காய்கள் இரண்டிரண்டாகவே சங்கிலிக்குள் அடங்கும். ஒரு முனையில் மட்டும் அந்த எண் திறந்திருந்தால், இரட்டை அல்லாத காய்கள் ஒற்றைப்படையில், அதாவது 1, 3 அல்லது 5 ஆக, வெளிவந்திருக்க வேண்டும். இரு முனையிலும் அதே எண் இருந்தாலோ, எந்த முனையிலும் இல்லாவிட்டாலோ இரட்டைப்படையில் வந்திருக்கும். ஒரு முனை மட்டும் ஐந்தாக இருக்கும்போது இரட்டை நீங்கலாக நான்கு ஐந்துகள் வந்திருப்பதாக எண்ணினால், எங்கோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று பொருள்.

இதிலிருந்தே அடைப்பின் இலக்கணமும் கிடைக்கிறது. இரு முனையிலும் ஒரே எண் வந்து, அந்த எண்ணின் ஏழு காய்களும் மேசைக்கு வந்துவிட்டால் ஆட்டம் அடைபடும். இரட்டை மட்டும் எவர் கையிலாவது இருந்தால் அதை இன்னும் வைக்கலாம், வைத்தபின் அடைபடும். மாறாக, இரட்டை அல்லாத ஆறும் வந்துவிட்டு, எந்த முனையிலும் அந்த எண் இல்லாமற்போனால், கையில் தங்கிய இரட்டைக்கு இனிப் போக இடமில்லை. ஸ்பானிய மொழி பேசுவோர் இதை இரட்டையைத் தூக்கிலிடுவது என்பர்.

இரண்டு வகைச் சாட்சிகள்

எதிராளியின் கையைக் கணிக்க இரண்டு வகைச் சாட்சிகள் கிடைக்கின்றன. இரண்டின் தரமும் வேறு. இவற்றைக் கலக்காமல் வைத்திருப்பவரே நல்ல ஆட்டக்காரர்.

முதல் வகை, பாஸ். இது உறுதியான சாட்சி. 3, 6 என்ற முனைகள் திறந்திருக்கும்போது ஒருவர் பாஸ் சொன்னால் அவரிடம் மூன்றும் இல்லை, ஆறும் இல்லை. எடுப்பதற்கு வேறு காய்கள் கிடையாது என்பதால், சுற்று முடியும் வரை இந்த உண்மை மாறாது.

இரண்டாம் வகை, தேர்வு. இரண்டு மூன்று வழிகள் இருக்கும்போது ஒருவர் ஏன் இதை வைத்தார், ஏன் அதை வைக்கவில்லை என்று கேட்பது. கனமான இரட்டையை விரைவில் இறக்கிவிடுவதே எவருக்கும் இயல்பு. ஆகவே ஆறு திறந்திருக்கும்போது ஒருவர் 6-6ஐ வைக்காமல் வேறொரு ஆறை வைத்தால், அவரிடம் 6-6 இல்லை என்று ஓரளவு நம்பலாம். முதலில் ஆடியவர் தனக்கு மிகுதியாக உள்ள எண்ணையே திறப்பார். எதிரணியின் கடமை அந்த எண்ணை மூடுவது. மூட வாய்ப்பிருந்தும் மூடாதவரிடம் அந்த எண் இல்லாமல் இருக்கலாம். இவை எல்லாம் "இருக்கலாம்" என்ற அளவிலேயே நிற்கும். தேர்ந்த எதிராளி வேண்டுமென்றே காயை அடக்கிவைத்து ஏமாற்றவும் கூடும்.

காய் வைக்குமுன் ஒருவர் நெடுநேரம் யோசிப்பதும் ஒரு சாட்சிதான்: அவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது என்று அது காட்டிவிடும். கூட்டாளிக்குக் குறிப்புக் கொடுப்பதற்காகவே யோசிப்பதுபோல் நடிப்பது மட்டும் மேசையில் மதிப்பைக் கெடுக்கும்.

ஒரு சுற்று

சீட்டாட்டப் பத்திகளில் வழக்கமாகச் செய்வதுபோல நால்வரையும் திசைகளால் அழைப்போம். ஆட்டம் தெற்கு, கிழக்கு, வடக்கு, மேற்கு என்ற வரிசையில் சுற்றும். தெற்கும் வடக்கும் ஓர் அணி. கிழக்கும் மேற்கும் மற்றோர் அணி. தெற்கின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வோம். தெற்கிடம் உள்ளவை: 5-5, 5-4, 5-2, 5-0, 4-1, 2-2, 6-3.

ஏழு ஐந்துகளில் நான்கு தெற்கின் கையிலேயே உள்ளன. வெளியே இருப்பவை 5-1, 5-3, 5-6 என்ற மூன்று மட்டுமே. குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரரிடம் இம்மூன்றில் ஒன்றுகூட இல்லாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். எனவே ஐந்தைத் திறந்தால் யாராவது திணறக்கூடும். தெற்கு 5-5ஐ வைத்துத் தொடங்குகிறார்.

கிழக்கு 5-6ஐ வைத்து ஒரு பக்கத்தை ஆறாக மாற்றுகிறார். முனைகள் 6, 5. வடக்கு, கூட்டாளி திறந்த ஐந்தைத் தொடாமல், ஆறின்மேல் 6-2ஐ வைக்கிறார். முனைகள் 2, 5. அடுத்து மேற்கு 2-4ஐ வைக்கிறார். முனைகள் 4, 5. இங்கே தெற்கு ஒன்றைக் குறித்துக்கொள்கிறார்: ஐந்தை மூட வேண்டியவர் மேற்கு, ஆனால் மூடவில்லை. அவரிடம் ஐந்து இல்லாமல் இருக்கலாம்.

இப்போது தெற்கிற்கு இரண்டு முனைகளிலுமாகச் சேர்த்துப் பல வழிகள். அவர் 4-5ஐ நான்கின் பக்கம் வைத்து இரு முனைகளையும் ஐந்தாக்குகிறார். மூன்று ஐந்துகள் வெளிவந்துவிட்டன. 5-2, 5-0 இரண்டும் தெற்கிடமே உள்ளன. தெரியாதவை 5-1, 5-3 இரண்டுதான். கிழக்கு பாஸ் சொல்கிறார். இனி கிழக்கிடம் ஐந்து கிடையாது என்பது உறுதி. வடக்கு 5-1ஐ வைக்கிறார். முனைகள் 1, 5. மேற்கு 1-0ஐ வைக்கிறார். முனைகள் 0, 5. இரண்டாம் முறையும் மேற்கு ஐந்தைத் தொடவில்லை. முதல்முறை வெறும் ஐயமாக இருந்தது இப்போது நல்ல நம்பிக்கையாகிறது.

தெற்கு 0-5ஐ வைத்து மறுபடியும் இரு முனைகளையும் ஐந்தாக்குகிறார். இந்த ஆட்டத்திற்குப் பின்னால் முழுக் கணக்கு இருக்கிறது. வெளியே மிஞ்சியது 5-3 மட்டுமே. கிழக்கு பாஸ் சொல்லியே தீரவேண்டும். அது தெரிந்த உண்மை. 5-3 மேற்கிடம் இருந்தால் வடக்கும் ஒரு முறையை இழப்பார். அதுதான் இதிலுள்ள ஆபத்து. ஆனால் மேற்கு இரண்டு முறை ஐந்தைத் தவிர்த்திருப்பதால் அந்த ஆபத்து சிறியது. நடப்பதும் அப்படியே: கிழக்கு பாஸ், வடக்கு 5-3ஐ வைக்கிறார். முனைகள் 3, 5.

இந்த நிலையில் ஆறு ஐந்துகள் மேசையில். ஏழாவதான 5-2 தெற்கின் கையில். திறந்திருக்கும் ஐந்து முனையில் இனி வேறு எவராலும் ஆட முடியாது. அது தெற்கின் சொந்த வாசல்போல ஆகிவிட்டது. சாவி அவரிடம் மட்டுமே. இத்தகைய கடைசிக் காயை அவசரப்பட்டுச் செலவழிக்கக் கூடாது. வேறெதுவும் பொருந்தாதபோது காப்பாற்றுவதும் அதுவே, ஆட்டத்தை அடைக்கும் அதிகாரத்தைத் தருவதும் அதுவே.

மேற்கு 3-4ஐ வைக்க, முனைகள் 4, 5 ஆகின்றன. தெற்கு 5-2ஐ அடக்கிக்கொண்டு 4-1ஐ வைக்கிறார். முனைகள் 1, 5. கிழக்கு 1-6ஐ வைக்கிறார். முனைகள் 6, 5. வடக்கு 6-0ஐ வைக்கிறார். முனைகள் 0, 5. மேற்கு 0-2ஐ வைக்கிறார். முனைகள் 2, 5. மறுபடி தெற்கின் முறை. அவர் கையில் 5-2, 2-2, 6-3 என மூன்று காய்கள். கிழக்கு இரண்டு முறை பாஸ் சொன்னதால் அவரிடம் ஐந்து காய்கள். வடக்கிடமும் மேற்கிடமும் மூன்று மூன்று.

அடைப்பதா, தொடர்வதா

தெற்கு 2-5ஐ இரண்டின் பக்கம் வைத்தால் இரு முனையும் ஐந்தாகும். ஏழு ஐந்தும் வந்துவிட்டதால் ஆட்டம் அங்கேயே அடைபடும். அடைத்தால் வெற்றியா தோல்வியா? காய்களைத் திறந்து பார்க்குமுன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மேசையில் 14 காய்கள். தெற்கிடம் 3. மிச்சம் 11 காய்கள் எவை என்பது கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: 0-0, 0-3, 0-4, 1-1, 1-2, 1-3, 2-3, 3-3, 4-4, 4-6, 6-6. இவற்றின் புள்ளிகள் மொத்தம் 57. அடைத்தபின் தெற்கிடம் மிஞ்சுவது 2-2, 6-3. அதாவது 13 புள்ளிகள்.

அணியாகக் கூட்டும் விதி இருக்கும் மேசையில், கேள்வி வடக்கின் கையைப் பற்றியதாகச் சுருங்குகிறது. வடக்கிடம் எத்தனை புள்ளி உள்ளதோ அது தம் அணிக்குக் கூடும், 57இல் மிச்சம் எதிரணிக்குப் போகும். வடக்கிடம் 22 இருந்தால் இரு பக்கமும் 35 ஆகிச் சமன். 22க்குக் குறைந்தால் வெற்றி, கூடினால் தோல்வி. ஆகவே கேட்க வேண்டியது: வடக்கின் மூன்று காய்கள் 22ஐ எட்டுமா?

6-6 அவரிடம் இருந்தால் எட்டக்கூடும். ஆனால் ஆறு திறந்திருந்த இரண்டு வேளைகளில் வடக்கு ஒரு முறை 6-2ஐயும் மறுமுறை 6-0ஐயும் வைத்தார். கையில் 6-6 இருந்தால் இரண்டு முறையும் அதைத் தவிர்த்திருப்பாரா? அதோடு, ஆறைத் திறந்தவர் கிழக்கு. தனக்கு ஆறு இருப்பதால்தான் திறந்திருப்பார் என்று எண்ணவும் இடமுண்டு. இந்தச் சாட்சி தனியே வலுவற்றது. வேறு ஒன்று இல்லாமலே அவர் 1-6ஐ வைத்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது 6-6 எதிரணியிடம் இருப்பதாகக் கொள்வது நியாயம்.

6-6ஐ நீக்கினால் மிஞ்சிய பத்துக் காய்களில் எந்த மூன்றும் வடக்கிடம் இருக்கலாம். அப்படி 120 வகையான கைகள் அமையலாம். அவற்றுள் 22ஐ எட்டுபவை நான்கே: 4-6, 4-4 இரண்டும் இருந்து, மூன்றாவதாக 0-4, 1-3, 2-3, 3-3 என்பவற்றில் ஒன்றும் இருக்கும் கைகள். அவற்றிலும் முதல் இரண்டு சமனையே தரும். தோல்வி தருபவை 120இல் இரண்டு. மேசையில் அமர்ந்திருப்பவர் 120ஐக் கணக்கிடப் போவதில்லை. "4-6, 4-4 இரண்டும் கூட்டாளியிடம் இருந்தாலன்றித் தோற்க மாட்டோம்" என்று கண்டுகொண்டாலே போதும். தெற்கு தயங்காமல் அடைக்கலாம்.

காய்கள் திறக்கப்படுகின்றன. வடக்கு: 1-1, 2-3, 4-4, ஆக 15. கிழக்கு: 0-3, 0-4, 1-2, 3-3, 6-6, ஆக 28. மேற்கு: 0-0, 1-3, 4-6, ஆக 14. தெற்கு, வடக்கு அணிக்கு 28, எதிரணிக்கு 42. தெற்கின் அணி வெல்கிறது.

விதி மாறினால் முடிவும் மாறும்

இதே நிலையில், அணியாகக் கூட்டாமல் தனி ஒருவரின் குறைந்த புள்ளியை மட்டும் பார்க்கும் விதி இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. அடைப்புக்கான விதி இடத்துக்கு இடம் மாறுவதால், புதிய மேசையில் அமர்பவர் முதலில் கேட்டறிய வேண்டியது இதுவே.

தெற்கின் 13ஐ இப்போது மேற்கின் மூன்று காய்களோடு ஒப்பிட வேண்டும். கிழக்கிடம் ஐந்து காய்கள் இருப்பதால் அவரைப் பற்றிக் கவலை குறைவு. 6-6 கிழக்கிடம் உள்ளது என்று கொண்டால், மீதிப் பத்துக் காய்களில் 45 புள்ளிகள். காய் ஒன்றுக்குச் சராசரி நாலரை. மூன்று காய்களுக்குப் பதின்மூன்றரை. தெற்கிடம் 13. இது ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுதான். திறந்து பார்த்தபோது மேற்கிடம் 14 இருந்தது. ஒரே ஒரு புள்ளியில் தப்பியிருப்பார். இந்த விதியில் அடைப்பது நல்ல ஆட்டமாகாது.

அப்போது வைக்க வேண்டிய காய் 2-2. முனைகள் 2, 5 ஆகவே நிற்கும். 5-2 கையிலேயே இருக்கும். கிழக்கால் ஐந்தில் ஆட முடியாது. இரண்டில் ஆட வேண்டுமானால் வெளியே மிஞ்சிய 1-2, 2-3 இரண்டில் ஒன்று வேண்டும். தெற்கின் குறி 6-3ஐ இறக்குவது. அடுத்த முறை வருவதற்குள் மறுமுனையில் மூன்றோ ஆறோ வந்தால் 6-3 போய்விடும். அதன்பின் 5-2 மட்டும் கையில். ஐந்து முனையை எவராலும் மூட முடியாது என்பதால், தெற்கை முந்திக்கொண்டு எவரும் கையைக் காலிசெய்யாதவரை வெற்றி உறுதி.

மேலே கண்ட கைகளோடு இதை ஆடிப் பார்க்கலாம். கிழக்கு 2-1, வடக்கு 1-1, மேற்கு 1-3 என்று வைக்கின்றனர். மூவருக்கும் வேறு வழியில்லை. தெற்கு 3-6ஐ இறக்குகிறார். கிழக்கு 6-6, வடக்கு பாஸ், மேற்கு 6-4. தெற்கு 5-2ஐ ஐந்தில் வைத்து முடிக்கிறார். வெற்றி கிடைத்தது, ஆனால் எதிரணியின் கையில் மிஞ்சியது 0-3, 0-4, 3-3, 0-0 என 13 புள்ளிகள் மட்டுமே. அடைத்திருந்தால் 42. எதிரணியின் புள்ளிகளே வென்றவரின் கணக்கில் ஏறும் ஆட்டத்தில் இந்த வேறுபாடு பெரியது. மறுமுனையில் மூன்றும் ஆறும் வராமல் போயிருந்தால் தெற்கு 5-2ஐ வேண்டாமலேயே செலவழிக்க நேர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

மேற்கு எங்கே கோட்டைவிட்டார்

கடைசியாக மேற்கு வைத்த 0-2 இந்தச் சுற்றைத் திருப்பிய காய். அப்போது முனைகள் 0, 5. மேற்கிடம் 0-0, 0-2 இரண்டும் இருந்தன. ஐந்துகள் ஆறு மேசையில் கிடந்தன. மிஞ்சியது 5-2 என்பதை எவரும் படித்திருக்கலாம். அது தன்னிடம் இல்லை. கிழக்கு இரண்டு முறை பாஸ் சொன்னதால் கூட்டாளியிடமும் இல்லை. ஆக 5-2 எதிரணியில் ஒருவரிடம். அடுத்து ஆடுபவரோ ஐந்தைத் திறந்துவைத்த தெற்கு. இந்த நிலையில் மறுமுனையில் இரண்டைத் திறப்பது அடைக்கும் உரிமையைத் தட்டில் வைத்துக் கொடுப்பதாகும்.

0-0ஐ வைத்திருந்தால் முனைகள் 0, 5 ஆகவே நின்றிருக்கும். தெற்கிடம் 5-2, 2-2, 6-3. வெற்றுக்குப் பொருந்த ஒன்றுமில்லை. அவர் 5-2ஐ ஐந்தின்மேல் வைத்தே தீரவேண்டும். முனைகள் 0, 2 ஆகும். சாவியும் போய்விடும், வாசலும் போய்விடும். கிழக்கு, கையில் உள்ள 0-3, 0-4, 1-2 மூன்றில் ஒன்றை நிம்மதியாக வைத்திருப்பார். 0-0இல் புள்ளியே இல்லை என்பதால் அதைக் கையில் வைத்திருந்தாலும் நட்டமில்லை என்று மேற்கு எண்ணியிருக்கக் கூடும். புள்ளியைக் குறைப்பது மட்டுமே குறியாக ஆடுபவர்கள் இவ்வாறு சிக்குவது வழக்கம்.

கணக்கின் எல்லை

இம்முறை முழுவலிமையோடு இயங்குவது 28 காய்களும் பங்கிடப்படும் நால்வர் ஆட்டத்தில்தான். இருவர் ஆடும்போது ஆளுக்கு ஏழு போக 14 காய்கள் கவிழ்த்தபடி ஒதுக்கத்தில் கிடக்கும். அங்கே ஒரு காய் எதிராளியிடம் இல்லை என்றால், அது ஒதுக்கத்தில் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். எடுத்தாடும் வகையில், பொருந்தும் காய் கிடைக்கும்வரை எதிராளி ஒதுக்கத்திலிருந்து எடுப்பார். எடுக்கத் தொடங்கிய கணத்தில் அவரிடம் அந்த இரண்டு எண்களும் இல்லை என்பது உண்மை. அடுத்தடுத்து எடுத்த காய்களும், பொருந்தியது வரும்வரை, அந்த எண்கள் இல்லாதவையே. ஆனால் பிந்தைய முறைகளில் வேறு எண்களுக்காக அவர் மறுபடி எடுக்கும்போது பழைய செய்தி காலாவதியாகிவிடும். பொருந்தும் காய் இருந்தாலும் விரும்பினால் எடுக்கலாம் என்ற விதி சில இடங்களில் உண்டு. அங்கே எடுப்பது எதற்கும் சாட்சியாகாது.

கியூபாவிலும், மயாமி நகரின் லிட்டில் ஹவானா பகுதியில் உள்ள மாக்சிமோ கோமஸ் பூங்கா போன்ற கியூபர்கள் கூடும் இடங்களிலும் ஒன்பது வரை புள்ளியுள்ள 55 காய்த் தொகுப்பு வழக்கில் உள்ளது. நால்வருக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்தபின் 15 காய்கள் கவிழ்ந்தே கிடக்கும். சுற்று முடியும் வரை எவரும் அவற்றைத் தொடுவதில்லை. ஒவ்வொரு எண்ணும் பத்துக் காய்களில் வரும். ஒன்பது வந்துவிட்டது, பத்தாவது தன்னிடம் இல்லை என்றால், அது எதிராளியிடம் இருக்கலாம், கூட்டாளியிடம் இருக்கலாம், எவரிடமும் இல்லாமல் உறங்கிக்கொண்டும் இருக்கலாம். அதனால் கியூப ஆட்டத்தில் கழித்தல் கணக்கை விடப் பாஸ்களுக்கு மதிப்பு அதிகம். ஓர் எண்ணில் கூட்டாளி உட்பட மற்ற மூவரும் பாஸ் சொன்னபின்தான் அதன் மிச்சக் காய்கள் உறங்குகின்றன என்று துணிந்து சொல்ல முடியும்.